கல்லாவில் குறைந்த நூற்றெண்பது ரூபாய்

இரவு பத்தேகால் மணிக்கு முதலாளியின் கைப்பேசிக்கு ஒரு செய்தி போகிறது: “இன்னைக்கு கேஷ் 315 ஷார்ட்.” நடுத்தர ஊர்களில் பல சூப்பர் மார்க்கெட்டுகளின் நாள்கணக்கு இந்த ஒரே வரியோடு முடிந்துவிடும். லட்சத்துக்கு மேல் புரளும் கடையில் முந்நூறு ரூபாய் என்ன பெரிது என்று முதலாளி தூங்கப் போய்விடுவார். மேலாளர் கொஞ்சம் கறாரானவராக இருந்தால், மறுநாள் நான்கு கேஷியர்களிடமும் ஆளுக்கு எண்பது ரூபாய் வாங்கிக் கணக்கை நேராக்கிவிடுவார்.

அந்த 315-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் உண்மை. ஒரு கல்லாவில் குறைந்ததும் இன்னொரு கல்லாவில் கூடியதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிஞ்சிய எச்சம் அது. எங்கே தவறு நடந்தது, எத்தனை மணிக்கு, யார் கையில், பணம் உண்மையில் போயிற்றா அல்லது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறதா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடை கிடையாது. இந்தக் கேள்விகளுக்காகத்தான் கேஷியர் வாரியாகவும் ஷிப்ட் வாரியாகவும் வித்தியாச அறிக்கை என்று ஒன்றைத் தயாரிக்கிறார்கள். கடை மென்பொருள் எதிலும் அது ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அதை எப்படிப் படிப்பது என்பதை ஒரு மாதிரிக் கடையின் ஒரு நாள் கணக்கை வைத்துப் பார்க்கலாம். கடையில் இரண்டு கவுண்டர்கள். காலை எட்டிலிருந்து மூன்று வரை ஒரு ஷிப்ட், மூன்றிலிருந்து இரவு பத்து வரை இன்னொன்று. ஆக, நான்கு கேஷியர்கள், நான்கு கணக்குகள்.

முதலில், கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ஷிப்ட் தொடங்கும்போது சில்லறைக்காகக் கொடுத்த பணம் ஒன்று. அதோடு ரொக்கமாக வந்த விற்பனையைக் கூட்ட வேண்டும். பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு ரொக்கமாகத் தந்ததைக் கழிக்க வேண்டும். இடையிடையே கல்லா நிறையும்போது எடுத்து உள்ளறைப் பெட்டகத்துக்கு அனுப்பிய பணத்தைக் கழிக்க வேண்டும். லோடு இறக்கியவருக்குக் கூலி, டீச் செலவு என்று கல்லாவிலிருந்தே கொடுத்தது இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். மாதிரிக் கடையின் முதல் கவுண்டரில் காலை ஷிப்டுக்குத் தொடக்கப் பணம் 3,000 ரூபாய். ரொக்க விற்பனை 41,260. திருப்பித் தந்தது 340. பெட்டகத்துக்குப் போனது 35,000. லோடுமேன் கூலி 120. கூட்டிக் கழித்தால் 8,800 ரூபாய் கல்லாவில் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 8,620 இருக்கிறது. 180 ரூபாய் துண்டு விழுகிறது.

இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும். சிக்கல் கணக்கில் இல்லை, எண்ணும் முறையில் இருக்கிறது. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை கேஷியர் திரையில் பார்த்துவிட்டு எண்ணத் தொடங்கினால், அந்த எண்ணிக்கை அந்த நிமிடமே கெட்டுவிடுகிறது. இருபது ரூபாய் குறைந்தால் திட்டு விழுமே என்று தன் பர்ஸிலிருந்து போட்டுவிடுவார். இருபது ரூபாய் கூடினால் எடுத்து, நாளைக்குக் குறைந்தால் உதவட்டும் என்று ட்ரேயின் அடியில் சொருகிவைப்பார். பெரும்பாலும் இதில் திருட்டு எண்ணம் கிடையாது, பயம்தான். ஆனால் அறிக்கையில் தினமும் பூஜ்யம் வரும். கடையில் தினமும் ஏதோ ஒன்று தவறிக்கொண்டே இருக்கும்.

அதனால் நல்ல கடைகளில் எண்ணும் வேலை முதலில், ஒப்பிடும் வேலை பிறகு. கேஷியர் ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை, நூறு எத்தனை என்று நோட்டு வாரியாக எண்ணி, நாணயங்களையும் எண்ணி, ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுகிறார். அந்த எண்களைக் கணினியில் ஏற்றிய பிறகுதான் இருக்க வேண்டிய தொகை திரையில் தெரியும். மொத்தத் தொகையை மட்டும் எழுதாமல் நோட்டு வாரியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வித்தியாசம் வரும்போது எந்தக் கட்டில் தேடுவது என்பதை அந்தச் சீட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

மாதிரிக் கடையின் அன்றைய அறிக்கை இப்படி வந்தது:

| கவுண்டர், ஷிப்ட் | இருக்க வேண்டியது | எண்ணியது | வித்தியாசம் |
|---|---|---|---|
| ஒன்று, காலை | 8,800 | 8,620 | −180 |
| இரண்டு, காலை | 7,450 | 6,810 | −640 |
| ஒன்று, மதியம் | 9,130 | 9,135 | +5 |
| இரண்டு, மதியம் | 11,260 | 11,760 | +500 |
| மொத்தம் | 36,640 | 36,325 | −315 |

கடைசி வரியைக் கையால் மறைத்துவிட்டு மேலே உள்ள நான்கையும் பாருங்கள். பார்த்ததும் பயப்பட வைப்பது இரண்டாம் கவுண்டரின் 640. ஆனால் முதலில் தீர்ந்துபோவதும் அதுதான்.

இப்போதெல்லாம் ரொக்கத்தை மட்டும் வைத்து எந்த வித்தியாசத்தையும் படிக்கக் கூடாது. யுபிஐ, கார்டு, ரொக்கம் மூன்றுக்கும் தனித்தனி வரி வேண்டும். இரண்டாம் கவுண்டரின் காலைக் கணக்கில், பில்லிங் கணினியின்படி யுபிஐ வரவு 28,315 ரூபாய். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடுக்கு அந்த நேரத்தில் வந்து சேர்ந்ததோ 28,955. அங்கே 640 கூடுதல், இங்கே 640 குறைவு. இரண்டும் ஒரே தொகையாக இருக்கும்போது பணம் எங்கும் போகவில்லை, எழுதிய இடம்தான் தவறு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த ஷிப்டின் ரொக்க பில்களில் 640 ரூபாய்க்கு ஒன்று இருக்கிறதா என்று தேடினால் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒன்று கிடைக்கிறது. யுபிஐ வரவுப் பட்டியலில் பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு, எந்த பில்லோடும் சேராத 640 ரூபாய் ஒன்று நிற்கிறது.

“ஏம்மா, பதினொன்றே முக்கால் வாக்குல ஒரு அறுநூத்தி நாப்பது ரூபாய் பில்லு ஞாபகம் இருக்கா?”

“ஆமா சார். அந்த அக்கா ஐந்நூறு நோட்டைக் கையில எடுத்தாங்க. நான் கேஷ் போட்டுட்டேன். அப்புறம், இரும்மா ஜிபே பண்ணிடறேன்னாங்க. பின்னாடி வரிசை நின்னுச்சு, மாத்த மறந்துட்டேன்.”

ரொக்கம் என்று பொத்தானை அழுத்திய பிறகு வாடிக்கையாளர் மனம் மாறுவது தினசரி நடப்பு. இதைத் திருத்தும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பழைய பில்லையே திறந்து மாற்றிவிட்டால் அப்படி ஒரு தவறு நடந்த சுவடே இருக்காது. பணம் வந்த வழியை மட்டும் மேற்பார்வையாளர் அனுமதியோடு மாற்றி, யார் மாற்றினார், எப்போது, ஏன் என்ற குறிப்பு நிற்கும்படி செய்ய வேண்டும்.

இந்த 640-ஐ ஐந்து நிமிடத்தில் பிடிக்க முடிந்ததற்கு ஒரு முன்னேற்பாடு காரணம். அந்தக் கடையில் கவுண்டருக்கு ஒரு கியூஆர் கோடு. கடை முழுவதற்கும் ஒன்றே ஒன்றை ஜெராக்ஸ் எடுத்து எல்லா மேஜையிலும் ஒட்டியிருந்தால், எந்தக் கவுண்டருக்கு வந்த பணம் என்று வரவுப் பட்டியலைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. ஒப்பிட வேண்டியதும் வங்கிக் கணக்கில் வந்து விழும் மொத்தத்தோடு அல்ல. அது பல நேரங்களில் மறுநாள்தான் வந்து சேரும். வணிகர் செயலியில் நிமிட வாரியாகத் தெரியும் பரிவர்த்தனைப் பட்டியலோடுதான் ஒப்பிட வேண்டும். பில்லில் யுபிஐ என்று இருந்து, வரவுப் பட்டியலில் அந்தத் தொகையே இல்லாமல், ரொக்கம் மட்டும் சரியாக இருந்தால் அது வேறு கதை. பணம் நடுவழியில் தடைப்பட்டிருக்கலாம். அல்லது யாரோ பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் பையோடு போயிருக்கலாம்.

அடுத்தது இரண்டாம் கவுண்டர் மதியக் கணக்கின் கூடுதல் 500. கூடுதல் வந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கென்னவோ குறைவைவிடக் கூடுதலைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. குறைந்தால் நஷ்டம் கடைக்கு. கூடினால் யாரோ ஒருவருடைய பணம் நம் பெட்டியில் இருக்கிறது. மீதிச் சில்லறையைக் குறைத்து வாங்கிப் போன வாடிக்கையாளர் அநேகமாகத் திரும்பி வந்து கேட்கவும் மாட்டார்.

இந்த 500 அப்படிப்பட்டது இல்லை. மாலை ஆறரைக்குக் கல்லா நிறைந்ததும் கேஷியர் இருபதாயிரம் ரூபாயை உறையில் போட்டு, சீட்டெழுதி உள்ளே அனுப்பியிருந்தார். உறைக்குள் நாற்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருக்க வேண்டும். முப்பத்தொன்பதுதான் இருந்தன. ஒரு நோட்டு கல்லாவிலேயே தங்கிவிட்டது. கல்லாவில் 500 கூடுதல், பெட்டகத்தில் 500 குறைவு. மறுபடியும் சோடி சேர்ந்துவிட்டது. அன்றிரவே பெட்டகத்து உறைகளை இரண்டாவது ஒருவர் பிரித்து எண்ணியதால்தான் இது தெரிந்தது.

பல கடைகளில் உறையை அப்படியே பூட்டிவைத்து, இரண்டு நாள் கழித்து வங்கிக்கு எடுத்துப் போவார்கள். அப்படி நடந்திருந்தால், திங்கட்கிழமை கல்லாவில் ஐந்நூறு ரூபாய் கூடியிருக்கும், கேஷியர் கெட்டிக்காரி என்று விட்டிருப்பார்கள். புதன்கிழமை வங்கியில் ஐந்நூறு குறைந்திருக்கும், பணம் கொண்டுபோன பையன் மேல் சந்தேகம் விழுந்திருக்கும். இரண்டும் ஒரே நோட்டு என்பது யாருக்கும் தோன்றியிருக்காது. உறையை உள்ளே வாங்கும்போதே, கொடுப்பவரும் வாங்குபவரும் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்டால் இந்த வேலையே வராது. அதற்கு வரிசையில் நிற்பவர்கள் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பதால்தான் யாரும் செய்வதில்லை.

640-உம் 500-உம் போய்விட்டால் மிச்சம் 180 குறைவும் 5 கூடுதலும். உண்மையான இழப்பு 175 ரூபாய். 315 என்ற எண் ஒரு இடத்தில்கூட உண்மையாக இல்லை.

இப்போது அந்த நூற்றெண்பது. பழைய கணக்குப்பிள்ளைகள் வித்தியாசத் தொகையின் முகத்தைப் பார்த்தே பாதி ஊகித்துவிடுவார்கள். 180-க்கு மூன்று முகங்கள் உண்டு.

முதலாவது, அது ஒன்பதால் வகுபடுகிறது. ஓர் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகத்தான் இருக்கும். 5,130 என்பதை 5,310 என்று எழுதினால் சரியாக 180 வரும். ஆகவே கையால் எழுதும் இடங்களையெல்லாம் ஒருமுறை பார்க்க வேண்டும்: தொடக்கப் பணம், பெட்டகச் சீட்டு, செலவுச் சீட்டு, நோட்டு எண்ணிக்கை. பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டாவது, 180-இன் பாதி 90. திருப்பிக் கொடுக்க வேண்டிய பணத்தை விற்பனை என்று தவறிப் பதிந்துவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகும். கல்லாவிலிருந்து தொண்ணூறு ரூபாய் வெளியே போயிருக்கும். கணினியோ தொண்ணூறு ரூபாய் உள்ளே வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும். அன்று காலை ஷிப்டில் 90 ரூபாய்க்கு அப்படி எந்த பில்லும் இல்லை.

மூன்றாவது, 200-க்கும் 20-க்கும் உள்ள இடைவெளி 180. இப்போதைய இருநூறு ரூபாய் நோட்டு நல்ல மஞ்சள். இருபது ரூபாய் நோட்டு பச்சை கலந்த மஞ்சள். மங்கலான குழல் விளக்கின் கீழ், அவசரத்தில், பழைய கசங்கிய நோட்டாகவும் இருந்துவிட்டால் கை ஏமாந்துவிடும். ஐந்நூறை நூறு என்று எடுத்தால் 400, ஐந்நூறை இருநூறு என்று எடுத்தால் 300 என்று ஒவ்வொரு குழப்பத்துக்கும் ஓர் அடையாளத் தொகை இருக்கிறது. முதலில் இருபது ரூபாய்க் கட்டை மறுபடி எண்ண வேண்டும். அதற்குள் ஓர் இருநூறு ஒளிந்திருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இங்கே ஒளிந்திருக்கவில்லை. அப்படியானால் மீதி கொடுக்கும்போது வெளியே போயிருக்க வேண்டும்.

எந்த பில்லில் என்று தேட ஒரு வழி உண்டு. வாடிக்கையாளர் எவ்வளவு கொடுத்தார் என்பதை கேஷியர் கணினியில் பதிந்திருந்தால், ஒவ்வொரு பில்லுக்கும் மீதி எவ்வளவு என்பது பதிவில் இருக்கும். மீதியில் இருபது ரூபாய் நோட்டு தேவைப்பட்டிருக்கும் பில்களை மட்டும் பிரித்தால் தேட வேண்டியது வெகுவாகச் சுருங்கிவிடும். அவற்றின் நேரத்தைக் குறித்துக்கொண்டு கேமரா பதிவைப் பார்த்தால், 380 ரூபாய் பில்லுக்கு ஐந்நூறு கொடுத்த ஒருவருக்கு நூற்றிருபது தருவதற்குப் பதிலாக ஒரு நூறும் ஒரு இருநூறும் போனது தெரிகிறது. பல கேஷியர்கள் இந்தப் பதிவைச் செய்வதில்லை. “சரியான தொகை” என்ற பொத்தானை அழுத்திவிட்டு மீதியை மனக்கணக்காகப் போடுவார்கள். அது வேகம்தான். ஆனால் ஒரு நாள் தவறினால், நூற்றுக்கணக்கான பில்களின் கேமரா பதிவையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும். நூற்றெண்பது ரூபாய்க்காக யாரும் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் வேண்டாம்.

காரணம் தெரிந்துவிட்டது, பணம் திரும்பவில்லை. இது அறிக்கையில் தனியாக எழுத வேண்டிய வகை. வித்தியாசம் எவ்வளவு என்ற பத்திக்குப் பக்கத்தில், எவ்வளவுக்குக் காரணம் தெரிந்தது, அதில் எவ்வளவு திரும்பியது என்று இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும். 640 காரணம் தெரிந்து திரும்பிய பணம். 180 காரணம் தெரிந்தும் திரும்பாத பணம். இரண்டையும் “தீர்ந்தது” என்று ஒரே சொல்லில் மூடிவிட்டால் மாதக் கடைசியில் ஒன்றும் புரியாது.

இந்த இடத்தில்தான் சம்பளத்தில் பிடிப்பது என்ற பேச்சு வரும். சட்டம் இதைப் பற்றி மௌனமாக இல்லை. கணக்குச் சொல்ல வேண்டிய பணத்தை ஓர் ஊழியர் தன் அலட்சியத்தால் இழந்தால் அதை ஊதியத்தில் கழிக்கலாம் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் சொன்னது. ஆனால் இழப்பு நேரடியாக அவருடைய அலட்சியத்தால் வந்ததாக இருக்க வேண்டும். இழந்த தொகைக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடிப்பதற்கு முன் அவருடைய விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. நால்வரிடமும் ஆளுக்கு எண்பது என்று வசூலிப்பது இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்றில்கூட நிற்காது. நம் மாதிரிக் கணக்கில் பார்த்தால், மூன்று பேர் தாங்கள் இழக்காத பணத்தைக் கொடுத்திருப்பார்கள். நாலாவது ஆள் ஏன் தவறியது என்பதைத் தெரிந்துகொள்ளாமலே நூறு ரூபாய் மிச்சம் பிடித்திருப்பார். வசூலிக்கும் கடைகளில் வேறொன்றும் நடக்கும். குறையும் பணத்தை கேஷியர்களே ஈடுகட்டக் கற்றுக்கொள்வார்கள். அப்போது அறிக்கை வெறும் சடங்காகிவிடும்.

ஐந்து ரூபாய் கூடுதலை யாரும் துரத்த வேண்டியதில்லை. இத்தனை ரூபாய்க்குள் என்றால் குறித்துவைத்துவிட்டு விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு கடையும் ஓர் எல்லை வைத்துக்கொள்ளும். ஆனால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்பது சுவாரசியமானது. ஒரு ரூபாய்ச் சில்லறை இல்லாதபோது மிட்டாய் கொடுக்கும் வழக்கம் நமக்குத் தெரியும். மிட்டாய்க்கு பில் போடாமல் கொடுத்தால் அந்த ரூபாய் கல்லாவிலேயே நிற்கும். கல்லாவில் கூடும், மிட்டாய் டப்பாவில் குறையும். சில மென்பொருள்களில் பைசாவை ரூபாயாக முழுமையாக்குவதற்கு முந்தைய தொகையை அறிக்கை எடுத்துக்கொள்வதும் உண்டு. அப்போது பில்லுக்குச் சில பைசா என்று ஷிப்ட் முழுவதும் சேர்ந்து, யார் செய்த தவறும் இல்லாமலே ஓரிரு ரூபாய் தினமும் ஆடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு துல்லியமாகத் தேட முடிவதற்கு அடித்தளம் ஒன்று உண்டு. ஒரு கல்லாப்பெட்டியில் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் கை வைக்க வேண்டும், அவருடைய பெயரில்தான் பில்கள் போக வேண்டும். “நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன், கொஞ்சம் பாத்துக்கோக்கா” என்று எழுந்து போகும் பத்து நிமிடத்தில், அக்கா தங்கையின் கடவுச்சொல்லிலேயே எட்டு பில் போட்டுவிடுவார். அதில் ஒன்று தவறினால் தங்கை தலையில் விழும். ஷிப்ட் மாறும் மூன்று மணி இதைவிடப் பெரிய ஓட்டை. காலை ஆள் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எண்ணாமல் போய்விட, மதிய ஆள் அதே பெட்டியில் தொடர்ந்தால், இரவு பத்து மணிக்கு வரும் வித்தியாசம் பதினான்கு மணி நேரத்தின் வித்தியாசம். அதைப் பாதியாகப் பிரிக்க யாராலும் முடியாது. ஆளுக்கொரு பணத்தட்டு வைத்து, காலைத் தட்டை அப்படியே உருவி உள்ளறையில் எண்ணி, மதிய ஆள் புதிய தட்டைச் செருகித் தொடங்குவதுதான் இதற்கு வழி. கூடுதலாக ஒரு தட்டு, இன்னொரு மூவாயிரம் ரூபாய் சில்லறை, செலவு அவ்வளவுதான்.

ஒரு நாள் அறிக்கையை வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. ஒரு மாதம் சேர்ந்தால் சொல்ல முடியும். அப்போதும் மொத்தத்தைப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒரு கேஷியருக்குப் பத்து கூடும், பதினைந்து குறையும், இருபது கூடும், ஐந்து குறையும். மாதக் கடைசியில் எல்லாம் அடித்துக்கொண்டு ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். அவர் சில்லறை கொடுப்பதில் தடுமாறுகிறார். நாணயத் தட்டு சரியாகப் பிரிந்திருக்கிறதா, மீதித் தொகையைத் திரையில் பார்த்துக் கொடுக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்தால் சரியாகிவிடும். இன்னொருவருக்கு இருபத்திரண்டு நாள் சுத்தமாகப் பூஜ்யம், நான்கு நாள் மட்டும் நூறு, இருநூறு என்று முழுத் தொகையாகக் குறைவு. கூடுதல் ஒருமுறைகூட இல்லை. சில்லறைத் தடுமாற்றம் இரண்டு பக்கமும் விழும், நோட்டாக ஒரே பக்கம் விழாது. இதை வைத்து அவரைத் திருடர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நான்கு நாட்களையும் திறந்து பார்க்க இது போதுமான காரணம்.

அப்படிப் பார்க்கும்போது பில் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் தொண்ணூறு ரொக்க பில் போடுபவரையும், மாலை நெரிசலில் இருநூற்றைம்பது போடுபவரையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது அநியாயம். தவறு ஆளிடமா, கவுண்டரிலா, நேரத்திலா என்பது தெரியாவிட்டால் ஆட்களைக் கவுண்டர் மாற்றி உட்காரவைத்தால் போதும். வித்தியாசம் ஆளோடு நகர்கிறதா, மேஜையிலேயே தங்குகிறதா என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். வாசலோரக் கவுண்டரிலேயே அது தங்கினால், அங்கே பால் பாக்கெட்டும் பிஸ்கட்டும் வாங்குகிற சில்லறைக் கூட்டம் அதிகம் என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

இந்த அறிக்கையால் பார்க்கவே முடியாத ஒன்றும் இருக்கிறது. கணினியில் பதிந்ததற்கும் பெட்டியில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இது காட்டும். பதிவையும் பணத்தையும் ஒரே அளவில் குறைத்தால் வித்தியாசம் பூஜ்யமாகவே இருக்கும். அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரிட்டி, ஊழியர்கள் வசூலை எடுத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் 1879-இல் தன் சகோதரரோடு சேர்ந்து கல்லா இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு விற்பனையும் இயந்திரத்தில் பதிந்தால் போதும் என்பது அவர் எண்ணம். பதிந்ததை அழிக்க வழி இருக்கும் இன்றைய கணினியில் அது போதாது. வாடிக்கையாளர் 420 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்து, பில்லை வாங்காமல் போய்விடுகிறார். சற்று நேரத்தில் அந்த பில் ரத்தாகிறது. பணம் பெட்டியிலிருந்து பைக்குப் போகிறது. இரவு எண்ணினால் ஒரு ரூபாய் பிசகாது. குறைவது சரக்கில்தான், அதுவும் அடுத்த முறை சரக்கு எண்ணும்போதுதான் தெரியும்.

ஆகவே வித்தியாச அறிக்கையோடு, அதே கேஷியர், அதே ஷிப்ட் வாரியாக மூன்று எண்ணிக்கைகளையும் ஒட்டிக் கேட்டு வாங்க வேண்டும்: ரத்தான பில்கள், திருப்பிக் கொடுத்த தொகைகள், விற்பனை எதுவும் இல்லாமல் கல்லா திறந்த தடவைகள். பணம் வாங்கிய பிறகு ரத்தானதா, வாங்குவதற்கு முன்பே ரத்தானதா என்பது பிரிந்திருக்க வேண்டும். பொருளை வேண்டாமென்று பாதியில் வைத்துவிட்டுப் போவது சாதாரணம். பணம் கொடுத்து முடித்த பில் ரத்தாவது அபூர்வம். ஒவ்வொரு ரத்துக்கும் யார் கடவுச்சொல் அனுமதித்தது என்பதும் பதிவில் இருக்கும். மேற்பார்வையாளர் தன் கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதி, அவசரத்துக்கு உதவட்டும் என்று கவுண்டரில் ஒட்டிவைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கே எல்லா ரத்துகளும் மேற்பார்வையாளர் பெயரிலேயே வரும், அவர் விடுமுறையில் இருந்த நாட்களிலும்கூட. அந்த ஊழியர் வருகைப் பதிவேட்டையும் ரத்துப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்க முதலாளிக்கு அரைமணி நேரம் ஆகும்.